கொத்தொமிலியும் ஒரு கேள்வித்தாளும்: ஆய்வுத் தலைப்பை எந்த வழியில் தேடுவது?

ஆகஸ்டில் வகுப்புகள் தொடங்கியதும் இறுதியாண்டு மாணவர்கள் ஒவ்வொருவராக என் அறை வாசலில் வந்து நிற்பார்கள். "மிஸ், எந்தத் தலைப்பை எடுக்கட்டும்?" ஆய்வேட்டை முடித்துக் கொடுக்க அவர்களுக்கு ஒன்பது மாதம்தான் இருக்கிறது. தலைப்பு முடிவாகவே இரண்டு மாதம் போய்விட்டால் மிச்ச நாளெல்லாம் ஓட்டமாகத்தான் இருக்கும். அதனால் இந்தக் கேள்விக்கு நான் அவசரப்பட்டுப் பதில் சொல்வதில்லை.

போன ஆண்டு ஒரு மாணவி இரண்டு தாள்களோடு வந்தாள். ஒன்று கணினியில் அழகாக அச்சடித்தது: "மொரிஷியஸ் இடைநிலைப் பள்ளி மாணவர்கள் தமிழை விருப்பப் பாடமாக எடுப்பதற்கான உந்துதல்கள்: ஒரு கேள்வித்தாள் ஆய்வு." மற்றது நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். அதில் பேனாவால் ஒரே வரி: "சந்தையில் எல்லாரும் ஏன் கொத்தொமிலி என்கிறார்கள்?" கொத்துமல்லிக்கு இங்கே மொரிஷியஸில் அதுதான் பெயர்.

முதல் தாள் அண்மைக் கட்டுரைகளைத் துழாவி, எங்கே இடைவெளி இருக்கிறது என்று பார்த்து எடுத்தது. இரண்டாவது அவள் மனத்தில் தானாக எழுந்தது. அச்சடித்த தாளை மேலே வைத்துக் கொடுத்தாள், கிழித்த தாளை அதற்கு அடியில். எதை எடுக்க வேண்டும் என்று அவளே பாதி முடிவு செய்துவிட்டது தெரிந்தது. சரி, இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்போம் என்று உட்காரச் சொன்னேன்.

அச்சடித்த தாள்

அவள் வேலையைக் குறை சொல்ல முடியாது. கூகுள் ஸ்காலரில் கடைசி ஐந்து ஆண்டு என்று வரம்பு வைத்து, புலம்பெயர்ந்த வீடுகளில் பரம்பரை மொழி கற்பது பற்றிய இருபத்தைந்து கட்டுரைகளை எடுத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் முதலில் கடைசி இரண்டு பக்கத்தைப் படித்திருந்தாள். ஆய்வின் வரம்புகளையும் இனிச் செய்ய வேண்டியவற்றையும் ஆசிரியர்கள் அங்கேதான் எழுதுவார்கள். பிறகு ஒரு அட்டவணை: கேள்வி என்ன, யாரிடம் தரவு வாங்கினார்கள், எந்த ஊர், எதைச் செய்ய முடியவில்லை என்கிறார்கள். துழாவுவது என்றால் இப்படித்தான் துழாவ வேண்டும். பல கட்டுரைகள் "பிற நாடுகளிலும் இதுபோன்ற ஆய்வுகள் தேவை" என்று முடிந்திருந்தன. மொரிஷியஸ் எதிலும் இல்லை. ஆக, இடைவெளி கிடைத்துவிட்டது என்று அவள் நினைத்தாள்.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரையின் முன்னுரைக்கு ஒரு வார்ப்பு உண்டு. ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளர் 1990இல் அதை விளக்கி எழுதினார். முதலில் இந்தத் துறை முக்கியமானது என்று சொல்வது. அடுத்து, இதில் ஒரு இடம் காலியாக இருக்கிறது என்று காட்டுவது. பிறகு, அந்த இடத்தை நான் நிரப்புகிறேன் என்று நுழைவது. கல்யாணப் பத்திரிகை "நிகழும் மங்களகரமான" என்று தொடங்குவதுபோல, "இதுவரை யாரும் ஆராயவில்லை" என்ற வரி முன்னுரையில் வந்தே தீரும். அந்த வரியைப் படித்ததும் அங்கே உண்மையிலேயே காலி இடம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டுரையாளர் அப்படிச் சொல்கிறார், அவ்வளவுதான். கடைசிப் பக்கத்தில் வரும் "இனிச் செய்ய வேண்டியவை"யும் அப்படியே. பெரும்பாலும் ஆசிரியரே கையில் எடுக்காமல் விட்ட வேலைகள்தான் அங்கே இருக்கும். ஏன் விட்டார் என்பதை எழுத மாட்டார்.

எனவே இடைவெளி என்று ஒன்றைக் கண்டால் அதை மூன்று விதமாகச் சோதிக்கச் சொல்வேன்.

முதல் சோதனை எளிது. அந்த இடைவெளியைச் சொன்ன கட்டுரையின் கீழே `Cited by` என்று இருக்கும். அதை அழுத்தினால் அதற்குப் பின் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் வரிசையாக வருவார்கள். ஐந்து வருடத்துக்கு முன் ஒருவர் "யாரும் செய்யவில்லை" என்று எழுதியிருந்தால், அதைப் படித்த இன்னொருவர் மூன்று வருடத்துக்கு முன்பே செய்து முடித்திருக்கலாம். அரை மணி நேர வேலை இது. பலர் இதைச் செய்யாமலே முன்மொழிவு எழுதிவிடுகிறார்கள்.

இரண்டாவது, அந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்பது. நான் பார்த்தவரை காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். வேறு பெயரிலோ வேறு மொழியிலோ ஏற்கெனவே செய்திருப்பார்கள். அல்லது தரவு வாங்க முடியாது. அல்லது விடை எல்லாருக்கும் தெரிந்ததே, அதனால் யாரும் மெனக்கெடவில்லை. இந்த மூன்றும் இல்லை என்றால்தான் அது வேலை செய்யத் தகுந்த இடைவெளி.

அவளுடைய தாள் தரவில்தான் சிக்கியது. பள்ளி மாணவர்கள் பதினெட்டு வயதுக்குக் கீழே. அமைச்சிடம் அனுமதி வாங்க வேண்டும், பள்ளித் தலைவரிடம் வாங்க வேண்டும், பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும். செப்டம்பரில் கடிதம் போட்டால் பதில் வருவதற்குள் பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு வந்துவிடும். அது முடிந்தால் நீண்ட விடுமுறை. ஜனவரியில் பள்ளி திறந்து, பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்து, கேள்வித்தாளைக் கொடுக்கும்போது பிப்ரவரி ஆகியிருக்கும். நம்முடைய ஒன்பது மாதத்தில் ஆறு மாதம் போய்விடும்.

மூன்றாவது சோதனைதான் எனக்கு முக்கியம். ஊரை மாற்றினால் விடை மாறுமா? "சிங்கப்பூரில் செய்தார்கள், மலேசியாவில் செய்தார்கள், நம் ஊரில் செய்யவில்லை" என்பது இடைவெளிகளிலேயே மிக எளிதாகக் கிடைப்பது. அதனாலேயே பலவீனமானது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. இங்கே அது தாத்தா பாட்டியின் மொழி. பெரும்பாலான வீடுகளில் பேச்சு, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோலில்தான். அங்கே தயாரித்த கேள்வித்தாளை அப்படியே இங்கே கொண்டுவந்தால், "வீட்டில் யாரோடு தமிழ் பேசுகிறாய்?" என்ற கேள்விக்கு வகுப்பே "யாரோடும் இல்லை" என்று எழுதும். அந்த வேறுபாட்டால் எந்த விடை எந்தப் பக்கம் திரும்பும், ஏன் திரும்பும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால் அது கேள்வி ஆகிவிடும். அவளிடம் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "எனக்குத் தெரியவில்லை மிஸ். இங்கே செய்யவில்லை என்பதால்தான் எடுத்தேன்" என்றாள். நேர்மையான பதில்.

ஒன்று சொல்ல வேண்டும். துழாவும்போது வேறொரு வகை இடைவெளியும் கண்ணில் படும். இரண்டு கட்டுரைகள் ஒன்றுக்கொன்று முரண்படும். ஒன்று, பிள்ளைகள் பெற்றோருக்காகத்தான் இந்தப் பாடத்தை எடுக்கிறார்கள் என்று சொல்லும். இன்னொன்று, மதிப்பெண்ணுக்காக என்று சொல்லும். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று கேட்டால் உடனே வேலை தொடங்கிவிடும்: வயது வேறா, கேள்வி கேட்ட விதம் வேறா, பள்ளி வேறா? துழாவலில் கிடைப்பதில் இதுவே உயர்ந்த சரக்கு. இருபத்தைந்து கட்டுரையில் ஒரு முரண்பாடு கிடைத்தாலும் போதும். அவளுடைய அட்டவணையில் அதற்கு ஒரு கட்டமே இல்லை. "யாரோடு முரண்படுகிறது?" என்று ஒரு கட்டத்தைச் சேர்க்கச் சொன்னேன். இப்போது எல்லா மாணவர்களுக்கும் அதைச் சொல்கிறேன்.

எனக்கே இதில் ஒரு பழைய காயம் உண்டு. முதுகலையில் நான் எடுத்தது முழுக்க முழுக்க இடைவெளித் தலைப்பு. யாரும் செய்யவில்லை என்று ஒருவர் சொன்னார், எடுத்தேன், ஒழுங்காகச் செய்து முடித்தேன். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அமைதியாக ஒன்று கேட்டார்: "இதைத் தொடங்கும்போது உங்களுக்குத் தெரியாமல் இருந்தது எது?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒன்றரை ஆண்டு உழைப்பில் எனக்குத் தெரியாதது ஒன்றுமே இருந்திருக்கவில்லை. அந்தக் கேள்வியை அன்று அவர் கேட்டது தாமதம். அதை முதல் நாளே நான் என்னைக் கேட்டிருக்க வேண்டும்.

கிழித்த தாள்

அவள் அம்மாவோடு காத்ர் போர்ன் சந்தைக்குப் போயிருக்கிறாள். கீரை விற்கிற முஸ்லிம் பெரியவர் "கொத்தொமிலி, கொத்தொமிலி" என்று கூவுகிறார். பக்கத்துக் கடையில் சீன முகமுள்ள அக்கா "முரூம்" என்று சொல்லி முருங்கைக் கீரைக் கட்டை நீட்டுகிறார். பீர்க்கங்காய் "பிப்பாங்காய்", கறிவேப்பிலை "கரிப்பூலே". இவர்கள் வீட்டில் எவருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் தமிழ்க் குடும்பமான இவள் வீட்டில் தக்காளிக்குப் பெயர் "பொம்தாமூர்", வெண்டைக்காய்க்கு "லாலோ". பஸ் ஏறும்வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தாளாம். வீட்டுக்கு வந்து பதினான்கு சொற்களை எழுதினாள், எல்லாம் தமிழ் என்று நினைத்து.

இதைச் சொல்லும்போது குரல் மாறியிருந்தது. முதல் தாளைப் பற்றிப் பேசியபோது இல்லாத வேகம். ஆர்வத்தால் எடுக்கும் தலைப்பின் பெரிய பலம் இது. ஏழாவது மாதத்தில், இருபது மணி நேர ஒலிப்பதிவைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது, இந்த வேகம் ஒன்றுதான் ஆளை நாற்காலியில் உட்காரவைக்கும். ஆனால் இதற்கும் தனக்கே உரிய ஆபத்து உண்டு. "மிஸ், தேடிப் பார்த்தேன், இதைப் பற்றி யாருமே எழுதவில்லை!" என்றாள்.

எப்படித் தேடினாய் என்று கேட்டேன். ஆங்கிலத்தில், ஒரே ஒரு எழுத்துக்கூட்டலில் தேடியிருந்தாள். நம் தீவைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி பிரெஞ்சில் இருக்கிறது. அதோடு கிரியோலுக்கு அதிகாரபூர்வ எழுத்துமுறை வந்ததே 2011இல்தான். அடுத்த ஆண்டு அது பள்ளியில் பாடமாயிற்று. அதற்கு முன் எழுதியவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சுச் சாயலில், ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். இன்றைய எழுத்துக்கூட்டலை மட்டும் தட்டினால் முப்பது நாற்பது ஆண்டு வேலை கண்ணுக்கே தெரியாது. இருவரும் சேர்ந்து இப்படித் தேடினோம்:

```
"Mauritian Creole" Tamil (loanword OR lexicon OR etymology)
"créole mauricien" tamoul (emprunt OR lexique OR étymologie)
kotomili OR cotomili OR cotomilli
```

அதே சொற்களை HAL, theses.fr இரண்டிலும் போட்டோம். பிரான்சின் ஆய்வுக் கட்டுரைகளும் ஆய்வேடுகளும் அங்கே இருக்கின்றன. ரெயூனியன் பல்கலைக்கழகத்துடையவையும் அங்கேயே கிடைக்கும். பக்கத்துத் தீவான ரெயூனியனைத் தேடாமல் மொரிஷியஸ் கிரியோலைப் பற்றி எதுவும் முடிவு செய்யக் கூடாது. அங்கேயும் கறிவேப்பிலை "கலூபிலே"தான்.

ஒரு பிற்பகலில் கதை தெளிவாகிவிட்டது. பிலிப் பேக்கரும் வினேஷ் ஹுகூம்சிங்கும் மொரிஷியஸ் கிரியோல் அகராதியை 1987இலேயே வெளியிட்டிருக்கிறார்கள். அன்னெகிரெட் பொல்லேயின் சொற்பிறப்பியல் அகராதி இந்தியப் பெருங்கடல் தீவுகளின் பிரெஞ்சுக் கிரியோல்கள் எல்லாவற்றுக்கும் உரியது. அதில் பிரெஞ்சிலிருந்து வராத சொற்களுக்கென்றே ஒரு பகுதி, 1993இல் வந்தது. கொத்தொமிலியும் பிப்பாங்காயும் முருங்கையும் அங்கே தமிழ் மூலத்தோடு உட்கார்ந்திருக்கின்றன. அது மட்டுமில்லை, அவளுடைய பட்டியலிலிருந்தே சில சொற்கள் கழன்று விழுந்தன. கத்தரிக்காய்க்குச் சொல்லும் "பிரேன்ஸெல்", பாகற்காய்க்குச் சொல்லும் "மார்கோஸ்" இரண்டும் போர்ச்சுகீசிய வழி வந்தவை. கீரைக்கு நாம் சொல்லும் "ப்ரேட்" கூட அந்த வழிதான்.

அவள் முகம் வாடிவிட்டது. எனக்கு மகிழ்ச்சி. ஏனென்றால் அது இரண்டாவது வாரம். இதே செய்தி வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் வாயிலிருந்து வந்திருந்தால் என்ன செய்திருப்பாள்?

இரண்டு வழிகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாட்டை அந்தப் பிற்பகலில்தான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. தோற்பதற்கு இரண்டு வழியிலும் இடமுண்டு. ஆனால் தோல்வி தெரியவருகிற காலம் வேறு. இடைவெளித் தலைப்பு தொடக்கத்தில் பாதுகாப்பாகத் தெரியும்: மேற்கோள் இருக்கிறது, கேள்வித்தாள் தயார், முன்மொழிவு ஒரே தடவையில் ஒப்புதல் பெறும். அதன் ஓட்டை பின்னால்தான் தெரியும்; அனுமதி வராதபோது, அல்லது எண்கள் எல்லாம் வந்த பிறகு அவற்றை வைத்துச் சொல்ல ஒன்றும் இல்லாதபோது. ஆர்வத் தலைப்பு இதற்கு எதிர்ப்பக்கம். அதன் ஓட்டைகள் முன்பகுதியிலேயே இருக்கின்றன: விடை ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கலாம், கேள்வி அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கலாம். இரண்டு வாரம் உட்கார்ந்து தேடினால் இரண்டையும் கண்டுபிடித்துவிடலாம். உட்காராதவர்களுக்குத்தான் அது கடைசி நாளில் தெரிகிறது.

கேள்வியை வெட்டுவது

"ஏன் எல்லாரும் கொத்தொமிலி என்கிறார்கள்?" என்பதை ஒன்பது மாதத்தில் யாராலும் முடிக்க முடியாது. அந்த "ஏன்" நம்மைப் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஆட்சிக்கு, புதுச்சேரிப் பக்கமிருந்து வந்த கைவினைஞர்களிடம் கொண்டுபோகும். பிறகு 1834க்குப் பின் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கியவர்களிடம் கொண்டுபோகும். அது ஒரு வாழ்நாள் வேலை. "எந்தெந்தச் சொற்கள் தமிழ்?" என்பதோ முடிந்த வேலை. அப்படியானால் அவளைப் பஸ் ஏறும்வரை தொந்தரவு செய்தது எது என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் சொன்னாள்: "மிஸ், விற்கிறவருக்குத் தெரிகிறது. என் தம்பிக்குத் தெரியவில்லை. பிப்பாங்காய் வாங்கிட்டு வா என்றால் சுரைக்காயோடு வருவான்."

அதுதான் கேள்வி. இந்தச் சொற்களை இன்று யார் வைத்திருக்கிறார்கள்: தமிழ்க் குடும்பமா, சந்தையா?

இப்போது துழாவிய அட்டவணையை மறுபடி திறந்தோம், இந்தத் தடவை வேறு கண்ணோடு. நாங்கள் பார்த்த அகராதிகள் சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்கின்றன. இன்று எந்த வயதுக்காரர் வாயில் அது இருக்கிறது என்று சொல்வது அகராதியின் வேலையே அல்ல. இது கட்டுரையாளர் யாரும் எழுதிக் கொடுத்த இடைவெளி இல்லை. அவளுடைய கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்ததால் தெரிந்த இடைவெளி. கேள்வி இல்லாமல் அதே பக்கங்களைப் படித்தபோது அது அவள் கண்ணில் படவில்லை.

திட்டம் இப்படி வந்தது. இருபது காய்கறி, கீரை. மூன்று வயதுப் பிரிவு: பதினெட்டு முதல் முப்பது வரை, நாற்பதுகள், அறுபதுக்கு மேல். ஒவ்வொரு வயதிலும் தமிழ்க் குடும்பத்தார் நால்வர், மற்றவர் நால்வர். மொத்தம் இருபத்துநாலு பேர். எல்லாரும் பெரியவர்கள், அதனால் அவரவர் சம்மதக் கையெழுத்து போதும். நடந்தே போய்ச் சந்திக்கலாம். இருபத்துநாலு பேரை வைத்துத் தீவு முழுவதற்கும் சதவீதம் சொல்ல முடியாது என்பதை ஆய்வேட்டிலேயே எழுதிவிட வேண்டும். ஆனால் ஒரு போக்கு இருந்தால் அது தெரியும்.

ஒரு கண்ணி இருந்தது. இளையவர்களுக்குச் சொல் தெரியவில்லை என்றால், சொல் அழிகிறது என்று எழுதத் தோன்றும். ஆனால் இன்று தெரியாத அந்தத் தம்பி, கல்யாணமாகித் தானே சமைக்கத் தொடங்கியதும் முப்பத்தைந்து வயதில் கற்றுக்கொள்ளலாம். இன்றைய பாட்டிமாரும் இருபது வயதில் அப்படி இருந்திருக்கலாம் அல்லவா? வெவ்வேறு வயதினரை ஒரே நாளில் கேட்டு, அதைக் காலமாற்றம் என்று படிக்கும் எந்த ஆய்விலும் இந்தச் சிக்கல் உண்டு. முழுதாகத் தீர்க்க முடியாது. அதனால் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பது என்று வைத்தோம்: வீட்டில் யார் சமைக்கிறார்கள், காய்கறி வாங்குவது சந்தையிலா சூப்பர் மார்க்கெட்டிலா. சமைக்கிற இளைஞருக்கும் தெரியவில்லை என்றால் அழிகிறது என்பதற்குப் பலம் கூடும்.

பிறகு அவளை ஒரு தாளில் எழுதச் சொன்னேன்: எந்த முடிவு வந்தால் உனக்கு வருத்தமாக இருக்கும்? ஆர்வத்தால் எடுக்கும் தலைப்பில், அதிலும் நம் மொழி பற்றிய தலைப்பில், இதை நான் விடுவதே இல்லை. பிடித்த விடை மனத்தில் முன்கூட்டியே இருந்தால் கேள்வி கேட்கும் விதத்திலேயே அது கசிந்துவிடும். எதிரே இருப்பவர் தடுமாறும்போது நாமே முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்போம். அவள் எழுதினாள்: "தமிழ் வீடுகளில் மறந்துபோய், மற்ற வீடுகளில் மட்டும் நினைவிருந்தால் வருத்தப்படுவேன்." அப்படி வந்தால் எழுதுவாயா என்றேன். எழுதுவேன் என்றாள். உண்மையில் அந்த முடிவுதான் இன்னும் சுவையானது: சொல்லைக் காப்பாற்றுவது பரம்பரை அல்ல, வியாபாரம் என்று ஆகும். எதிர்ப்பக்கம் வந்தாலும் எழுத விஷயம் இருக்கும். எந்தப் பக்கம் விழுந்தாலும் எழுத ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நல்ல சோதனை. அச்சடித்த தாளுக்கு அது இல்லை: உந்துதல் அதிகம் என்று வந்தாலும் குறைவு என்று வந்தாலும் அடுத்த வாக்கியம் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை.

எல்லாருக்கும் கிழித்த தாளையே எடு என்று நான் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் பெரிய திட்டம் ஒன்றின் பகுதியாக வேலை செய்கிறவர்களுக்குக் கருவியும் தரவும் பணமும் முன்பே தீர்மானமானவை. அங்கே அண்மைக் கட்டுரைகளில் இடைவெளி தேடுவதுதான் சரியான வழி, வழிகாட்டியும் அதைத்தான் எதிர்பார்ப்பார். மூன்று மாதச் சிறு திட்டம் என்றால், ஏற்கெனவே சோதித்த ஒரு கேள்வித்தாளை எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. இன்னும் சிலருக்கு எந்தக் கேள்வியும் மனத்தில் அரிக்காது. அவர்களை "உனக்கு எதில் ஆர்வம்?" என்று நச்சரிப்பது கொடுமை. பத்துக் கட்டுரை படிக்கச் சொல்லி, எந்த இடத்தில் "இது சரியில்லையே" என்று தோன்றுகிறதோ அங்கே கோடு போட்டுக்கொண்டு வா என்பேன். அந்தக் கோடுகளிலிருந்தே கேள்வி பிறக்கும். ஆனால் மனத்தில் ஏற்கெனவே ஒரு கேள்வி இருந்து, தரவும் நடந்துபோகிற தூரத்தில் இருந்தால், நான் அந்தக் கேள்வியின் பக்கம்தான். துழாவலை அதற்குச் சல்லடையாக வைத்துக்கொள்ளலாம்.

அக்டோபரில் அவள் முன்சோதனை செய்தாள், நான்கு பேரிடம். இருபது படங்களையும் வண்ணத்தில் அச்சடித்துக்கொண்டு முதலில் தன் பாட்டியிடம் போனாள். பீர்க்கங்காய்ப் படத்தைப் பாட்டி தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். தோல் சீவிய காயின் படம் அது, நரம்பு தெரியவில்லை. "இது என்னம்மா?" என்று பேத்தியையே திருப்பிக் கேட்டார். முருங்கைக் கீரைக்கும் கறிவேப்பிலைக்கும் படத்தில் வித்தியாசமே இல்லை. இரண்டுக்கும் "கரிப்பூலே" என்றார். அறுபது வருடம் சமைத்த கை அது. சொல் மறந்துபோய் அப்படிச் சொல்லவில்லை, தாளில் வாசனை இல்லாததால் அப்படிச் சொன்னார்.

நான்கு பேருக்கே நின்று பார்த்ததால் இது தெரிந்தது. படங்களை எடுத்து ஓரமாக வைத்துவிட்டோம். அடுத்த முறை அவள் வரும்போது தோளில் ஒரு தான்த் பஸார், சந்தைக்குக் கொண்டுபோகிற ஓலைக் கூடை. உள்ளே ஈரத்துணியில் சுற்றிய இருபது கட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண் எழுதிய சீட்டு. என் மேசையில் வைத்துத் துணியைப் பிரித்தாள். அறை முழுக்கக் கொத்துமல்லி மணம்.